தைரொயிட் குளிசை தொடங்கியபின் மறுபரிசோதனை: எப்போது, எந்த நேரத்தில், ஏன்?

யாழ்ப்பாணத்தில் ஒருவர் "எனக்குத் தைரொயிட் கூட" என்று சொன்னால், பெரும்பாலும் அவருடைய உடலில் தைரொயிட் ஓமோன் குறைவாக இருக்கிறது. அறிக்கையில் கூடியிருப்பது வேறொரு எண். இந்தக் குழப்பத்தோடுதான் பலர் குளிசையைத் தொடங்குகிறார்கள். அதே குழப்பத்தோடு இரண்டாம் கிழமையிலேயே மறுபடி இரத்தம் கொடுக்க வருகிறார்கள். எண் போதுமான அளவு இறங்கவில்லை என்றதும் குளிசை வேலை செய்யவில்லை என்று முடிவெடுக்கிறார்கள்.

நான் வேலை செய்வது இரத்தப் பரிசோதனைக் கூடமொன்றில். அறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, குளிசை தொடங்கி ரெண்டு கிழமையாச்சு. ஏன் இன்னும் இறங்கேல்லை?" என்று கேட்காத நாள் குறைவு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஐந்து நிமிடம் போதாது. வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்பார்கள். அதனால் இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

அறிக்கையில் கூடுவது எது, குறைவது எது

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே தைரொயிட் சுரப்பி இருக்கிறது. அது இரத்தத்தில் விடும் முக்கியமான ஓமோன் தைரொக்சின். சுருக்கமாக அதை ரி4 என்பார்கள். இதயத் துடிப்பு, உடற்சூடு, குடல் அசைவு, மாதவிடாய், மனத்தின் சுறுசுறுப்பு எல்லாவற்றின் வேகத்தையும் அது பாதிக்கிறது. வைத்தியர் எழுதிக்கொடுக்கும் குளிசையில் இருப்பதும் இதே தைரொக்சின்தான், ஆய்வுகூடத்தில் செய்யப்பட்டது. வெளியிலிருந்து ஒரு அந்நிய மருந்தைப் போடுவதாக எண்ணிப் பயப்பட வேண்டியதில்லை. உடல் செய்யவேண்டியதில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவை வாயால் கொடுக்கிறோம்.

மூளையின் அடியில், பட்டாணிக் கடலை அளவில் கபச்சுரப்பி என்று இன்னொன்று இருக்கிறது. இரத்தத்தில் தைரொக்சின் குறைந்துவிட்டதா என்று பார்ப்பது அதன் வேலை. குறைந்தால் அது ரி.எஸ்.எச். என்ற ஓமோனை அனுப்புகிறது. "இன்னும் சுரக்க வேண்டும்" என்று தைரொயிட்டைத் தூண்டும் ஓமோன் அது. தைரொக்சின் குறையக் குறைய ரி.எஸ்.எச். ஏறும். தைரொக்சின் போதுமான அளவுக்கு வந்தால் ரி.எஸ்.எச். இறங்கும். ஆகவே ரி.எஸ்.எச். 18 என்று அறிக்கை சொன்னால், தைரொயிட் தளர்ந்துபோயிருக்கிறது, கபச்சுரப்பி அதைப் பலமாகத் தூண்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கர்ப்பமில்லாத வளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலான ஆய்வுகூடங்கள் ஏறத்தாழ 0.4 முதல் 4 வரையான எல்லையை அச்சிடுகின்றன.

அறிக்கையில் ஃபிறீ ரி4 என்று இன்னொரு வரியும் இருக்கலாம். இரத்தத்திலுள்ள தைரொக்சினில் மிகப் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டே சுற்றுகிறது. ஒட்டாமல் இருக்கும் மிகச் சிறு பகுதிதான் கலங்களுக்குள் போய் வேலை செய்யும். அந்தப் பகுதியின் அளவுதான் ஃபிறீ ரி4.

இதுவரை சொன்னதில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். தைரொக்சினும் ரி.எஸ்.எச்.சும் எதிரெதிர்த் திசையில் அசைகின்றன. குளிசை தொடங்கிய பிறகு நாம் பார்க்கக் காத்திருப்பது ரி.எஸ்.எச். இறங்குவதை.

ஏன் ஆறு கிழமை: கூரைத் தண்ணீர்த் தாங்கி

கிணற்றிலிருந்து மோட்டரால் நீரேற்றும் வீட்டுத் தண்ணீர்த் தாங்கி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தாங்கி இப்போது வெறுமையாக இருக்கிறது. நீங்கள் தினமும் காலையில் 10 லீற்றர் ஊற்றுகிறீர்கள். வீட்டுக்காரர் தாங்கியில் எவ்வளவு இருக்கிறதோ அதில் பத்தில் ஒரு பங்கைத் தினமும் எடுத்துவிடுகிறார். முதல் நாள் 10 லீற்றர். அடுத்த நாள் ஒரு லீற்றர் போய், 10 சேர்ந்து 19. அதற்கு அடுத்த நாள் 27. ஊற்றும் அளவு மாறாது. மட்டம் ஏற ஏற வெளியே போகும் அளவும் ஏறும். மட்டம் 100 லீற்றரை எட்டும்போது பத்தில் ஒரு பங்கும் 10 லீற்றர், ஊற்றுவதும் 10 லீற்றர். அதற்குமேல் மட்டம் அசையாது.

அந்த 100ஐ எட்ட எத்தனை நாள் பிடிக்கும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிழமை முடிவில் மட்டம் ஏறத்தாழ 52. இரண்டாம் கிழமையில் 77. மூன்றில் 89, நான்கில் 95, ஆறில் 99.

உடலில் தைரொக்சின் நடந்துகொள்வது கிட்டத்தட்ட இப்படித்தான். இரத்தத்திலிருக்கும் தைரொக்சினில் பாதி வெளியேற ஏறத்தாழ ஏழு நாள் எடுக்கும். இதை அரைவாழ்வுக்காலம் என்பார்கள். நாளொன்றுக்குப் பத்தில் ஒரு பங்கு என்பதும் அதே கணக்குதான். வலிக்குப் போடும் பரசிற்றமோலின் அரைவாழ்வு சில மணி நேரமே. அதனால் அது அரை மணிநேரத்தில் வேலையைக் காட்டி மாலைக்குள் போய்விடுகிறது. தைரொக்சின் அப்படியல்ல. இன்று விழுங்கிய குளிசையில் ஒரு பங்கு அடுத்த மாதமும் இரத்தத்தில் இருக்கும்.

நிஜ உடலில் தாங்கி முற்றாக வெறுமையாக இருப்பதில்லை. தளர்ந்த சுரப்பி கொஞ்சமாவது சுரந்துகொண்டிருக்கும். ஆனாலும் பழைய மட்டத்திலிருந்து புதிய மட்டத்துக்குப் போக எடுக்கும் காலம் மாறாது. குளிசையின் அளவு 25 மைக்கிரோகிராம் என்றாலும் 100 என்றாலும் அந்தக் காலம் அதேதான். அளவைக் கூட்டினால் போய்ச் சேரும் மட்டம் உயருமே தவிர, அந்த மட்டத்தை எட்டும் நாட்கள் குறையா.

தாங்கி நிரம்பிய பிறகும் ஒரு தாமதம் உண்டு. மாதக்கணக்கில் ரி.எஸ்.எச்.சைக் கூடுதலாக உண்டாக்கிப் பழகிய கபச்சுரப்பி, தைரொக்சின் போதுமானதாகிவிட்டதை உணர்ந்து அடங்கச் சில நாட்கள், சில கிழமைகள் பிந்தும். ரி.எஸ்.எச். காட்டுவது இன்றைய நிலையைவிடக் கடந்த சில கிழமைகளின் நிலையைத்தான். இவை இரண்டும் சேர்ந்துதான் குளிசை தொடங்கி 6 முதல் 8 கிழமைக்குப் பிறகு பரிசோதிக்கச் சொல்கிறார்கள்.

இரண்டாம் கிழமையில் பார்த்தால் என்ன நடக்கும்

கோண்டாவிலில் இருக்கும் 42 வயதுப் பெண் ஒருவரை வைத்துப் பார்ப்போம். விளக்கத்துக்காகப் புனைந்த ஆள், ஆனால் எண்கள் தினமும் காண்கிறவை மாதிரியானவை. களைப்பு, மலச்சிக்கல், முடி கொட்டுதல். ரி.எஸ்.எச். 18. ஃபிறீ ரி4 9, அந்த ஆய்வுகூடத்தின் எல்லை 12 முதல் 22. இதயநோய் ஒன்றும் இல்லை. வைத்தியர் 50 மைக்கிரோகிராமில் தொடங்கி, "ரெண்டு மாதத்தால இரத்தம் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்கிறார்.

இரண்டு கிழமை கழிகிறது. களைப்பு போகவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, "எனக்கு 100 தான் தந்தவை" என்கிறா. அவர் தானாக ஆய்வுகூடத்துக்குப் போய் ரி.எஸ்.எச். எடுக்கிறார். 11.

இந்த 11 சொல்வது என்ன? மட்டம் முக்கால் வழிவரை ஏறிவிட்டது, கபச்சுரப்பி அடங்கத் தொடங்கியிருக்கிறது என்பதுதான். 50 மைக்கிரோகிராம் அவருக்குப் போதுமா, போதாதா என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியாது. இது இறங்கும் வழியில் எடுத்த எண், இறங்கி நின்ற எண் அல்ல. அப்படியே பொறுத்திருந்தால் ஏழாம் கிழமையில் அது 3 அல்லது 4 ஆக வந்திருக்கலாம். 6இல் நின்றிருந்தால் வைத்தியர் 25 கூட்டியிருப்பார். இரண்டில் எது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

அவர் வேறொரு வைத்தியரிடம் அந்த அறிக்கையைக் காட்டுகிறார். குளிசை எப்போது தொடங்கியது என்பதை இவர் சொல்லவில்லை. 50இல் நின்றும் 11 என்று பார்த்தவர் அளவை 100 ஆக்குகிறார். தாங்கிக் கணக்கில் சொன்னால், மட்டம் 77இல் நிற்கும்போது தினம் 20 லீற்றர் ஊற்றத் தொடங்கியிருக்கிறார்கள். இனி மட்டம் 100இல் நிற்காது, 200ஐ நோக்கிப் போகும். முதல் சில நாட்கள் வித்தியாசம் தெரியாது. நல்லாகக்கூட இருக்கும். ஐந்தாம் ஆறாம் கிழமையில்தான் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், இரவில் நித்திரை வராது, வியர்த்துக் கொட்டும். அப்போது எடுத்துப் பார்த்தால் ரி.எஸ்.எச். 0.15, ஃபிறீ ரி4 23.

பயந்துபோய்க் குளிசையை முழுதாக நிறுத்துகிறவர்கள் பலர். அதே மெதுவான கணக்கில் மட்டம் இறங்கும், அடுத்த ஒன்றரை மாதத்தில் பழைய களைப்புத் திரும்பும். இப்படி ஏற்றி இறக்கி ஆறு மாதம் போய்விடுகிறது. முதலில் 50இலேயே விட்டு ஆறு கிழமை பொறுத்திருந்தால் ஒரே பரிசோதனையோடு தெரிந்திருக்கும். அறிக்கைகளை வரிசையாக வைத்து இந்தப் போக்கைக் காணும்போது எனக்கு மனம் கனக்கிறது. இதில் மருந்தில் பிழையில்லை, அவர் உடலிலும் பிழையில்லை. இரத்தம் எடுத்த நாள்தான் பிழை.

களைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிலருக்கு இரண்டு மூன்று கிழமையில் உடம்பு தெளியத் தொடங்கும். முடியும் தோலும் திரும்ப மாதங்கள் ஆகும். முடி கொட்டுவது நிற்கவில்லை என்பதை வைத்து அளவு போதாது என்று முடிவெடுக்க முடியாது.

குளிசை போடும் நேரம்

விழுங்கிய தைரொக்சின் முழுவதும் இரத்தத்துக்குப் போவதில்லை. வெறும் வயிற்றில் போட்டால் ஏறத்தாழ 70 முதல் 80 வீதம் உறிஞ்சப்படும். சாப்பாட்டோடு போட்டால் அது குறையும், எவ்வளவு குறையும் என்பதும் நாளுக்கு நாள் மாறும். அதனால்தான் காலையில் எழும்பியவுடன் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணிநேரமாவது, முடிந்தால் ஒரு மணிநேரம் கழித்துச் சாப்பிடச் சொல்கிறார்கள்.

எங்கள் வீடுகளில் இதைக் குழப்புவது சாப்பாட்டைவிடத் தேத்தண்ணிதான். கண்விழித்தவுடன் பால்தேத்தண்ணி குடிப்பது பழக்கம், அந்த மிடறிலேயே குளிசையையும் விழுங்கிவிடுகிறோம். பாலிலுள்ள கல்சியம் தைரொக்சினைப் பிடித்துக்கொள்ளும். கோப்பியும் உறிஞ்சுதலைக் குறைக்கும். பாலில்லாத வெறுந்தேத்தண்ணி என்றாலும் அரை மணிநேரம் பொறுப்பதுதான் பாதுகாப்பு. சோயா மீற் சாப்பிடும் வீடுகளில் அதைக் காலைக்குளிசைக்குக் கிட்டிய வேளையில் வைக்காமல் மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரும்புச்சத்துக் குளிசையும் கல்சியம் குளிசையும் இதைவிட வலுவாகத் தடுக்கும். இவற்றுக்கும் தைரொயிட் குளிசைக்கும் இடையில் 4 மணிநேரம் வேண்டும். கர்ப்பிணிகளுக்குத் தாய்மார் கிளினிக்கில் இந்த இரண்டும் கொடுப்பார்கள், பலர் எல்லாவற்றையும் ஒரே சிறங்கையில் வைத்து விழுங்கிவிடுவார்கள். தைரொயிட் குளிசை விடியற்காலை, இரும்புச்சத்து மதியத்துக்குப் பிறகு, கல்சியம் இரவு என்று பிரித்தால் ஒன்றையொன்று தொடாது. வயிற்று எரிவுக்குக் குடிக்கும் அன்ராசிட் மருந்துக்கும் இந்த 4 மணிநேர இடைவெளி பொருந்தும்.

காலையில் முடியாதவர்களுக்கு இரவு வழி இருக்கிறது. கடைசிச் சாப்பாடு முடிந்து 3 மணிநேரம் கழித்து, படுக்கப் போகும்போது போடலாம். காலையில் போடுவதற்கு இது குறைந்ததல்ல. விடிய நாலு மணிக்கு எழும்பி மீன்சந்தைக்கு ஓடுகிறவர்களுக்கும் இரவு வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதுதான் பலிக்கும். ஆனால் ஒரு கிழமை காலை, ஒரு கிழமை இரவு என்று மாற்றக் கூடாது. பரிசோதனை அளப்பது குளிசையின் அளவை மட்டுமல்ல, நீங்கள் அதைப் போடும் முறையையும் சேர்த்துத்தான். தேத்தண்ணியோடு போட்டுவந்த ஒருவருக்கு அந்த முறைக்கேற்ப அளவு கூட்டப்பட்டிருக்கும். அவர் திடீரென்று திருந்தி வெறும் வயிற்றில் போடத் தொடங்கினால் அதே அளவு அவருக்குக் கூடிவிடும். முறையை மாற்றினால் வைத்தியரிடம் சொல்லி, அன்றிலிருந்து 6 கிழமையை எண்ணத் தொடங்குங்கள்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் எனக்கு நினைவுக்கு வரும் காலம். விடியக் குளித்துக் கோயிலுக்குப் போய், திரும்பி வந்து விரதம் முடித்த பிறகு குளிசை ஞாபகம் வரும். சிலர் விரத நாளில் மருந்தே வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். ஒரு நாள் தவறினால் மட்டம் பெரிதாக இறங்காது, பத்தில் ஒரு பங்குதான் போகும். மூன்று நான்கு கிழமை இப்படிப் போனால் திருவிழா முடிந்து எடுக்கும் ரி.எஸ்.எச். கட்டாயம் ஏறியிருக்கும். குளிசையை விழுங்க இரண்டு மிடறு வெறும் தண்ணீர் போதும். தண்ணீர் குடிக்கிற விரதம் என்றால் புறப்படும் முன் விழுங்கலாம், முடியாதென்றால் அந்தக் காலத்துக்கு இரவு நேரத்துக்கு மாற்றுவதைப் பற்றி முதலே வைத்தியரிடம் பேசலாம்.

குளிசை வெக்கைக்கும் ஈரத்துக்கும் வெளிச்சத்துக்கும் பழுதாகும். அட்டையிலிருந்து கழற்றிக் கண்ணாடிப் போத்தலில் போட்டு அடுப்படி யன்னலில் வைக்காதீர்கள். பெட்டியில் எழுதியிருக்கும் வெப்பநிலையைப் பார்த்து, வீட்டில் ஆகக் குளிர்ந்த, காய்ந்த அலுமாரியில் அட்டையோடு வையுங்கள்.

இந்தப் பகுதி முழுவதும் சொல்வது ஒன்றுதான்: வெறும் வயிறு, வெறும் தண்ணீர், தினமும் ஒரே நேரம், கல்சியத்துக்கும் இரும்புக்கும் 4 மணிநேரம் தள்ளி.

இரத்தம் எடுக்கும் நேரம்

ரி.எஸ்.எச். நாள் முழுதும் ஒரே அளவில் இருப்பதில்லை. நடு இரவை ஒட்டி உச்சத்துக்கு ஏறி, பகலில் இறங்கி, பிற்பகலில் ஆகக் குறைவாக இருக்கும். காலை 7 மணிக்கு 5.4 என்று வரும் ஒருவருக்கு அதே நாள் பிற்பகல் 3 மணிக்கு 3.9 வரலாம். முதலாவது எண் எல்லைக்கு வெளியே, இரண்டாவது உள்ளே. உடலில் எதுவும் மாறவில்லை. முதல் தடவை காலையில் எடுத்து, அடுத்த தடவை வேலை முடிந்து வரும் வழியில் பின்னேரம் எடுத்தால், குளிசை வேலை செய்ததா, நேரம் செய்த வித்தியாசமா என்று பிரிக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் காலையில், ஏறத்தாழ ஒரே மணிக்கு எடுங்கள். சாப்பிட்ட பிறகும் ரி.எஸ்.எச். சற்று இறங்கும். பட்டினி கட்டாயமில்லை என்றாலும், வெறும் வயிற்றில் காலையில் கொடுத்தால் இந்த இரண்டு குழப்பமும் போய்விடும்.

அன்றைய குளிசையைப் போட்டுவிட்டு வரலாமா? ரி.எஸ்.எச். மட்டும் பார்ப்பதென்றால், அன்று காலை விழுங்கிய ஒரு குளிசை அதை மாற்றாது. அது கிழமைக்கணக்கில் அசைகிற எண். ஃபிறீ ரி4 அப்படியல்ல. குளிசை போட்டு 2 முதல் 4 மணிநேரத்துக்குள் இரத்தத்தில் தைரொக்சின் தற்காலிகமாக ஏறும். அந்த நேரத்தில் எடுத்தால் ஃபிறீ ரி4 உள்ளதைவிட 15, 20 வீதம் வரை கூடக் காட்டலாம். அதைப் பார்த்து அளவைக் குறைத்தால் பிழையாகிவிடும். எது எது பார்க்கப்போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாதிருக்கலாம், அதனால் எளிய வழி: அன்றைய குளிசையைக் கையில் கொண்டு வாருங்கள். இரத்தம் கொடுத்தவுடன் எங்கள் வாசலிலேயே தண்ணீரோடு விழுங்கலாம். வீட்டுக்குப் போய்ச் சேர அரை மணிநேரம் போய்விடும், பிறகு சாப்பிடலாம். இரவில் போடுகிறவர்கள் வழக்கம்போல முதல்நாள் இரவே போட்டுவிட்டு வரலாம்.

ஒவ்வொரு தடவையும் ஒரே ஆய்வுகூடம் என்பதும் முக்கியம். இயந்திரமும் முறையும் மாறினால், ஃபிறீ ரி4இன் எல்லையும் அலகும்கூட மாறும். ஒரு இடத்தின் 1.1உம் இன்னொரு இடத்தின் 14உம் ஒரே அளவைக் குறிக்கலாம், அலகுதான் வேறு.

எண் பொய் சொல்லும் சில இடங்கள்

பரிசோதனை நெருங்கும்போது ஒழுங்காகப் போடத் தொடங்குவது ஒன்று. ஒரு மாதமாக விட்டு விட்டுப் போட்டவர், கடைசி நான்கைந்து நாள் தவறாமல் போட்டுவிட்டு வருவார், சிலர் இரண்டாகப் போட்டும் வருவார். அறிக்கையில் அது பதிவாகிவிடும். தைரொக்சின் சட்டென்று ஏறியிருக்கும், ரி.எஸ்.எச். பழைய கிழமைகளின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும். ஃபிறீ ரி4 எல்லைக்கு மேல்மட்டத்தில், ரி.எஸ்.எச். 15 என்ற ஒவ்வாத இணை வந்தால் வைத்தியர் முதலில் கேட்பது "குளிசை ஒழுங்காப் போட்டனீங்களோ?" என்பதுதான். மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மறைத்தால் தேவையில்லாமல் அளவு கூடும். விட்ட நாட்களை ஈடுகட்டப் பரிசோதனைக்கு முன் இரட்டிப்பாகப் போடவும் வேண்டாம்.

இரண்டாவது, முடி கொட்டுவதற்கு வாங்கும் பயோட்டின் மாத்திரை. தைரொயிட் குறைந்தால் முடி கொட்டும், முடி கொட்டினால் பயோட்டின் வாங்குவார்கள். ஆகவே தைரொயிட் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம்தான் இது கூடுதலாக இருக்கும். சில இயந்திரங்களின் முறையில் பயோட்டின் நேரடியாகத் தலையிட்டு ரி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்தும் ஃபிறீ ரி4ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். உடலில் ஒன்றும் நடக்காமலே, குளிசை கூடிவிட்ட ஆளின் அறிக்கை வந்துவிடும். இரத்தம் கொடுக்க இரண்டு நாள் முன்பே அதை நிறுத்துங்கள். மிக உயர்ந்த அளவில் எடுப்பவர்கள் கூடுதல் நாள் நிறுத்த வேண்டும், அதை வைத்தியரிடம் கேளுங்கள். தைரொயிட் குளிசையை நிறுத்தக் கூடாது. இந்த இரண்டையும் மாற்றி விளங்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாவது காய்ச்சல். மாரி மழையோடு டெங்கு வரும் மாதங்களில் படுத்தெழும்பிய ஒருவரின் ரி.எஸ்.எச். கடும் நோயின்போது இறங்கியும், தேறிவரும்போது ஏறியும் காட்டும். அவசரமில்லை என்றால், முற்றாகத் தேறிச் சில கிழமைகள் கழித்து எடுப்பது நல்லது.

அடுத்தடுத்த பரிசோதனைகள்

6 முதல் 8 கிழமை என்ற கணக்கு முதல் தடவைக்கு மட்டுமல்ல. அளவு மாறும் ஒவ்வொரு தடவையும், மட்டம் மறுபடி புதிய இடத்தை நோக்கிப் புறப்படுகிறது. அன்றிலிருந்து எண்ண வேண்டும். மருந்துக்கடையில் வேறு கொம்பனியின் குளிசையைத் தந்தாலும் அதே கணக்குதான். 50 என்று போட்டிருந்தாலும் இரண்டு கொம்பனிக் குளிசைகள் ஒரே மாதிரி உறிஞ்சப்படாமல் போகலாம். அட்டையின் பெயர் மாறியதைக் கவனித்து வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ரி.எஸ்.எச். எல்லைக்குள் வந்து நின்றுவிட்டால் ஆறு மாதத்தில் ஒருமுறை பார்த்து, அதுவும் சரியென்றால் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை போதும். எண் சரியாகிவிட்டது என்று குளிசையை விட்டுவிடாதீர்கள். எண்ணைச் சரியாக வைத்திருப்பது அந்தக் குளிசைதான்.

பரிசோதனைத் துண்டின் மூலையில் நான்கு விடயங்களை எழுதிக் கொண்டுபோனால் எந்த வைத்தியருக்கும் உதவும்: இந்த அளவைத் தொடங்கிய திகதி, தினமும் போடும் நேரம், தவறிய நாட்கள், கூடவே போடும் மற்றக் குளிசைகள். கோண்டாவில் பெண் இந்தத் திகதியை எழுதிக் கொடுத்திருந்தால் 100 எழுதப்பட்டிருக்காது.

ஆறு கிழமைக்குக் காத்திருக்கக் கூடாதவர்கள்

குளிசை போடும் பெண் கர்ப்பமாகியிருப்பது தெரிந்தால், அடுத்த கிளினிக் நாள் வரை பார்த்திருக்க வேண்டாம். முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைரொக்சினே வேண்டும். குழந்தையின் சுரப்பி அப்போது தயாராகியிருக்காது. தாயின் தேவையும் அந்தக் கிழமைகளிலேயே கூடத் தொடங்கும். பெரும்பாலானவர்களுக்கு அளவைக் கூட்ட வேண்டிவரும். கர்ப்பத்தின் நடுப்பகுதி வரை 4 கிழமைக்கு ஒருமுறை பரிசோதிப்பார்கள், பிறகு 30ஆம் கிழமையை ஒட்டி மறுபடி பார்ப்பார்கள். கர்ப்பகாலத்தில் ரி.எஸ்.எச்.சுக்குரிய எல்லையும் வேறு. அறிக்கையில் அச்சிட்டிருக்கும் பொது எல்லைக்குள் இருக்கிறதென்று ஆறுதலடையாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். குழந்தை பிறந்ததும் அளவைத் திரும்பக் குறைத்து, 6 கிழமையில் பார்ப்பார்கள்.

கபச்சுரப்பியிலேயே நோயுள்ளவர்களுக்கு இந்தக் கட்டுரையின் ரி.எஸ்.எச். கணக்கு பொருந்தாது. அதைச் சுரக்கும் இடமே பழுதாகியிருப்பதால் அவர்களுக்கு ஃபிறீ ரி4ஐ வைத்துத்தான் அளவைத் தீர்மானிப்பார்கள். குளிசைக்கு முன் இரத்தம் எடுப்பது அவர்களுக்கு இன்னும் முக்கியம்.

வயதானவர்கள், இதயநோய் உள்ளவர்களுக்கு 12.5 அல்லது 25 மைக்கிரோகிராமில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். அப்படித் தொடங்கியவருக்கு நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, துடிப்பு ஒழுங்கில்லாமல் ஓடினாலோ, மறுபரிசோதனைத் திகதியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். போகும்போது குளிசை அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.